பன்னிரண்டரை டன்

பன்னிரண்டரை என்ற எண் அந்த மனையில் எந்த மூலையிலும் கிடையாது. இது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரிய வழியில்லை. நாலு இடத்தில் துளை போட்டு, பத்து மீட்டர் ஆழம் வரை மண்ணை எடுத்துப் பை பையாகக் கட்டி, ஆய்வகத்தில் அமுக்கி, நசுக்கி, காயவைத்து, எடை போட்டுக் கணக்குப் பார்த்தவள் அவள்தான். கிழக்குப் பக்கத்து இரண்டு துளைகளில் சதுர மீட்டருக்குப் பதினெட்டு டன். மேற்குப் பக்கத்து இரண்டிலும் ஏழு. பதினெட்டு உண்டு, ஏழு உண்டு. பன்னிரண்டரை கிடையவே கிடையாது.

அதனால்தான், காலை எட்டரை மணிக்கு மனையின் சொந்தக்காரர் நர்ஸம்மா போன் செய்து அந்த எண்ணைச் சொன்னபோது, வேறு யாருடைய மனையைப் பற்றியோ பேசுகிறார் என்று முதலில் நினைத்தாள்.

“கான்ட்ராக்டர் மொட்டை மாடில பெரிய தண்ணித் தொட்டி வைக்கலாங்கறார்மா. நம்ம மண்ணு பன்னெண்டரை டன் தாங்கும்னு நீங்க எழுதியிருக்கீங்களே, அப்ப தாராளமா தாங்கும்தானே?”

“என்ன டன்னு சொன்னீங்க?”

“பன்னெண்டரை. முதல் பக்கத்துலயே இருக்கே. உங்க கையெழுத்தும் இருக்கு. இன்னைக்குப் பத்தரைக்கு அஸ்திவாரக் கான்கிரீட் வருது. நீங்களும் ஒரு எட்டு வந்து பாத்தீங்கன்னா எனக்குத் தெம்பா இருக்கும்.”

“வரேங்க,” என்று மட்டும் சொல்லிப் போனை வைத்தாள்.

அவள் மண் பரிசோதனைப் பொறியாளர். அண்ணனுடைய கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை. துளை போடுகிற ஆட்கள் அவளுக்கு வைத்திருக்கிற பெயர் மண்ணம்மா. எந்த மண்ணைக் கொடுத்தாலும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து உருட்டிப் பார்க்காமல் கீழே வைக்கமாட்டாள் என்பதால் வந்த பெயர். அண்ணன் வணிகம் படித்தவர். வாடிக்கையாளர் பிடிப்பது, ஆட்களை அனுப்புவது, பில் போடுவது எல்லாம் அவர். மண்ணும் கையெழுத்தும் இவள். நர்ஸம்மா முப்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். படுக்கையோடு கிடக்கிற முதியவர்களுக்காக இரண்டு மாடியில் ஓர் இல்லம் கட்டப் புறப்பட்டிருந்தார். கையிருப்பு முழுவதும் அந்த மனையில்தான் போய்க்கொண்டிருந்தது.

அலமாரியிலிருந்து அறிக்கையின் பிரதியை எடுத்தாள். நாற்பத்தாறு பக்கம். முதல் பக்கத்தில், பொறியியல் தெரியாதவர்களுக்கான சுருக்கம். அவள் எழுதிக் கொடுத்த சுருக்கத்தில் இரண்டு பத்தி இருந்தது, கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று. இதில் ஒரே பத்தி. “மனையின் பாதுகாப்பான தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 12.5 டன். சிறிதளவு தாழ்வு எதிர்பார்க்கப்படலாம்.” அதற்குக் கீழே அவளுடைய கையெழுத்து, வால் நீட்டி, அழகாக. கையெழுத்துப் போட்ட அன்றைக்கு ஏழெட்டு அறிக்கையை ஒன்றாக அடுக்கி நீட்டினார்கள். கடைசிப் பக்கத்தைப் பார்த்துப் போட்டவள், முதல் பக்கத்தைப் பார்க்காமலே போட்டிருக்கிறாள்.

நேராக அண்ணன் அறைக்குப் போனாள். அவர் ஒரு கையில் டீயும் ஒரு கையில் போனுமாக யாரிடமோ லாரி டயர் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். இவள் தாளை மேசையில் அடித்து வைத்ததும் போன் அணைந்தது.

“இது யாரு மாத்தினது?”

எட்டிப் பார்த்தார். “நான்தான். ஏன்?”

“எதுக்கு?”

“நீ ரெண்டு நம்பர் எழுதி வச்சிருந்தே. கான்ட்ராக்டர் போன் பண்ணி, எனக்கு ஒரு நம்பர் குடுங்க சார், ரெண்டு குடுத்தா டிசைன் பண்றவன் குழம்புவான்னான். சரின்னு கூட்டி ரெண்டால வகுத்தேன். பதினெட்டும் ஏழும் இருபத்தஞ்சு. பாதி பன்னெண்டரை.”

ஏதோ சின்னப் பிள்ளைக்குக் கணக்குச் சொல்லித் தருகிற மாதிரி அவர் சொன்ன விதத்தில் அவளுக்கு உச்சந்தலை கொதித்தது.

“அண்ணா, அது மார்க் ஷீட்டா, சராசரி போட? கிழக்க இருக்கற மண்ணு மேற்க வந்து முட்டுக் குடுக்குமா?”

“கத்தாத. கிழக்குல கம்மியா போட்டிருக்கோம், மேற்குல கொஞ்சம் கூட. ஒண்ணுக்கொண்ணு சரியாப் போயிடும்.”

“சரியாப் போகாது. மேற்க தாங்கறது ஏழு. அதுலயும் அங்க சாதாரண அஸ்திவாரமே ஆகாதுன்னுதான் நான் உள்ள எழுதியிருக்கேன்.”

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். விஷயம் பெரிது என்று இப்போதுதான் மண்டைக்குள் ஏறியது. ஏறியதும் முதலில் கதவைச் சாத்தினார். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. தப்பு நடந்தது தெரிந்தால் சிலர் தலையில் கை வைப்பார்கள், சிலர் கதவைச் சாத்துவார்கள்.

“இப்ப என்ன, இன்னும் கான்கிரீட் போடலையே? நான் கான்ட்ராக்டர்கிட்ட பேசிடறேன். மேற்குப் பக்கம் மட்டும் தூணுக்கு அடியில வர்ற ஃபூட்டிங்க அகலமா போடச் சொல்றேன். ஏழு டன்னுக்கு எவ்வளவு அகலமோ அவ்வளவு. வேலை முடிஞ்சுது. நர்ஸம்மா காதுல போட வேண்டாம். வயசானவங்க, பயந்துக்குவாங்க.”

“அகலமாப் போட்டா தீராது! மேல ஏத்தற பாரம் அதேதானே? அகலமா போட்டா மேல அழுத்தம் குறையும், ஆனா அது ஆழத்துக்குப் போகும். அந்தக் களிமண்ணு ரெண்டரை மீட்டர்ல ஆரம்பிச்சு ஆறரை வரைக்கும் இருக்கு. கணக்குப் போட்டுத்தான் சொல்றேன். இப்ப ஆறு சென்டிமீட்டர் இறங்கறது அப்ப அஞ்சு இறங்கும். அவ்வளவுதான் லாபம்.”

“அஞ்சு சென்டிமீட்டர்தானே?” என்றார் அண்ணன், விரலைக் காட்டி.

அதற்கு மேல் அங்கே நின்றால் கூடப் பிறந்தவர் என்பதும் மறந்துபோகும் என்று தோன்றியது. அறிக்கையைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினாள். “நீ அங்க போய் எதையும் உளறி வைக்காத, நான் வரேன்,” என்று பின்னாலேயே சத்தம் வந்தது. ஸ்கூட்டரைக் கிளப்பும்போதும் வந்தது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வழி நெடுக வாய்க்குள் திட்டிக்கொண்டே போனாள். அண்ணனைத் திட்டினாள், ஒரு நம்பர் கேட்ட கான்ட்ராக்டரைத் திட்டினாள், முழு அறிக்கையையும் கேட்டு வாங்காமல் ஒரு தாளை வைத்துக்கொண்டு அஸ்திவாரம் வரைந்து கொடுத்த டிசைன்காரரை, அவர் முகம்கூடத் தெரியாமல், தாராளமாகத் திட்டினாள். பட்டியல் தீர்ந்தபோது மிச்சம் இருந்தது அவள் மட்டும்தான். அந்த ஆளைத் திட்ட ஆரம்பிப்பதற்குள் மனை வந்துவிட்டது.

பதினெட்டுக் குழி வெட்டியிருந்தார்கள், எல்லாம் ஒரே அளவு, ஒரே ஆழம். உள்ளே கம்பிக் கூடை இறக்கி, கட்டி, தயாராக வைத்திருந்தார்கள். கிழக்குக் குழிகளின் பக்கச் சுவரைப் பார்த்தால் செம்மண், இறுக்கமாக, மண்வெட்டித் தடம் பளபளவென்று தெரிந்தது. மேற்குக் குழிகளில் செங்கல் துண்டு, உடைந்த ஓடு, ஒரு பிளாஸ்டிக் செருப்பு, துருப்பிடித்த டப்பா மூடி. எந்தக் காலத்திலோ மண் தோண்டி எடுத்த பள்ளம். தண்ணீர் நின்று, சேறு படிந்து, அதற்கு மேல் ஊர்க் குப்பையைக் கொட்டி மூடிவிட்டார்கள். இதற்குப் பரிசோதனைகூட வேண்டாம், கண் இருந்தால் போதும். கண்ணும் இருந்தது, பார்க்கத்தான் யாரும் இல்லை.

கான்ட்ராக்டர் வெள்ளைச் சட்டையும் இரண்டு போனுமாக வந்தார். “வாங்க மேடம். உங்க அண்ணன் இப்பதான் பேசினார். மேற்க அகலப்படுத்தணுமாமே? இப்பப் போய்ச் சொன்னா எப்படி? லாரி கிளம்பியாச்சு.”

“அகலப்படுத்த வேண்டாம். கான்கிரீட்டே போட வேண்டாம். நிறுத்துங்க.”

“என்ன மேடம் விளையாடறீங்களா?” என்று சொல்லி, மேற்குக் குழி ஒன்றுக்குள் குதித்து, தரையில் குதிகாலால் ஓங்கி மிதித்துக் காட்டினார். “பாருங்க. கல்லு மாதிரி இருக்கு. இந்தத் தெருவுல நான் ஏழு வீடு கட்டியிருக்கேன். ஒண்ணுலயாவது விரிசல் உண்டா கேளுங்க.”

“கடைசியா கட்டினது எப்ப?”

“போன வருஷம்.”

“முதல்ல கட்டினது?”

“அதுக்கு முந்தின வருஷம்.”

“அதுல எது பழைய பள்ளத்து மேல நிக்குது?”

கான்ட்ராக்டர் மறுபடியும் குதிகாலால் மிதித்துக் காட்டினார். “நீங்க மிதிக்கறது ஆறின பால் மேல இருக்கற ஏடு,” என்றாள். “காஞ்சு இறுகின மேல்மண்ணு. அதுக்கு ஒரு மீட்டர் கீழ இருக்கறத நான் கையில எடுத்துப் பிசைஞ்சிருக்கேன். விரல் இடுக்கு வழியா வந்துச்சு.” சொல்லிவிட்டு, நர்ஸம்மா எங்கே என்று கேட்டு, தகரக் கொட்டகைக்கு நடந்தாள்.

கொட்டகைக்குள் ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, சுவரோரம் சிமெண்ட் மூட்டைகள். நர்ஸம்மா மூக்குக் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். மேசைமேல் அந்த அறிக்கை, நாற்பத்தாறு பக்கமும். ஓரங்களில் பென்சில் குறிப்புகள். படித்திருக்கிறார். இதை அவள் எதிர்பார்க்கவில்லை. வாடிக்கையாளர் முதல் பக்கத்தைத் தாண்டமாட்டார் என்பது கம்பெனியில் எல்லாருக்கும் இருந்த நம்பிக்கை, அவளுக்கும்தான்.

“அம்மா, முதல் பக்கத்துல இருக்கற பன்னெண்டரை தப்பு,” என்று நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் மழுப்பிவிடுவோமோ என்று பயம். “உங்க மனை ஒரு மண்ணு இல்ல, ரெண்டு மண்ணு. கிழக்குப் பாதி பதினெட்டு டன் தாங்கும். மேற்குப் பாதி ஏழு. ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி முதல் பக்கத்துல போட்டுட்டாங்க.”

நர்ஸம்மா கண்ணாடியைக் கழற்றினார்.

“எங்க வார்டுல ரெண்டு பேஷண்ட் இருந்தாங்கன்னு வச்சுக்க,” என்றார் மெதுவாக. நீங்க போய் நீ வந்துவிட்டது. “ஒருத்திக்கு நூத்தி மூணு காய்ச்சல். இன்னொருத்தி குளிர்ந்து போய்த் தொண்ணூத்தி நாலுல கிடக்கா. நான் ரெண்டையும் கூட்டிப் பாதியாக்கி, வார்டு நல்லா இருக்குன்னு சார்ட்ல எழுதினா என்ன பண்ணுவாங்க என்னை?”

“வேலையை விட்டுத் தூக்குவாங்க.”

“தூக்கினாப் பத்தாது. சரி, சொல்லு. எனக்குப் புரியற மாதிரி சொல்லு. இந்தத் தாங்கறதுன்னா என்ன?”

“மண்ணு ரெண்டு விதமா காலை வாரும்மா. முதல் விதம், பாரம் அளவுக்கு மீறிப் போனா அஸ்திவாரத்துக்குக் கீழ இருக்கற மண்ணு உடைஞ்சு பக்கவாட்டுல பிதுங்கிடும். அது திடீர்னு நடக்கும். அப்படி நடக்காம இருக்க, உடையற பாரத்துல மூணுல ஒரு பங்குதான் ஏத்துவோம். அந்தக் கணக்குத்தான் தாங்குதிறன். ரெண்டாவது விதம், மண்ணு உடையாது, ஆனா அமுங்கும். மேற்க இருக்கறது தண்ணி ஊறின களிமண்ணு. மேல பாரம் வச்சா அந்தத் தண்ணி வெளிய போகும். களிமண்ணுல தண்ணி சீக்கிரம் நகராது. கொஞ்சம் கொஞ்சமா, அஞ்சாறு வருஷத்துக்குப் போயிட்டே இருக்கும். போகப் போகக் கட்டடம் இறங்கும்.”

“எவ்வளவு?”

“மேற்க ஆறு சென்டிமீட்டர். கிழக்க ஒண்ணு.”

“எல்லாமே ஆறு இறங்கினா?”

கேள்வியைக் கேட்டு அவளுக்கு ஒரு கணம் கோபம்கூட விட்டுப்போனது. பொறியியல் படித்துவிட்டு வருகிறவர்கள் ஆறு மாதம் கழித்துக் கேட்கிற கேள்வி அது.

“எல்லாம் ஒண்ணா இறங்கினா பெரிய தொந்தரவு இல்ல. வாசப்படியும் குழாயும் பாத்துக்கணும், அவ்வளவுதான். ஒரு பக்கம் நின்னு ஒரு பக்கம் இறங்கறதுதான் பிரச்சினை. பள்ளத்தோட கரை செங்குத்தா இருக்கு. கரைக்கு இந்தப் பக்கம் ஒரு தூண், அந்தப் பக்கம் ஒரு தூண், நடுவுல அஞ்சு மீட்டர். அந்த அஞ்சு மீட்டருக்குள்ள அஞ்சு சென்டிமீட்டர் வித்தியாசம். நூத்துக்கு ஒண்ணு. முந்நூத்துக்கு ஒண்ணு ஆனாலே சுவர் விரியும். நூத்தம்பதுக்கு ஒண்ணுன்னா தூணும் உத்தரமும் அடிவாங்க ஆரம்பிக்கும்.”

“இடிஞ்சு விழுமா?”

“உடனே விழும்னு சொல்லமாட்டேன். பொய் சொல்லிப் பயமுறுத்தவும் நான் வரல. ஆனா சுவரெல்லாம் வெடிச்சு, தரை சாஞ்சு, உள்ள ஓடற குழாய் பிளந்து, நீங்க நினைச்ச காரியத்துக்கு அந்தக் கட்டடம் உதவாது.”

நர்ஸம்மா வெளியே பார்த்தார். “அந்த அஞ்சு மீட்டர்தான் என் நடைவழி. கட்டிலத் தள்ளிட்டுப் போற வழி. மாடில படுத்திருக்கறவங்க ஒருத்தராலயும் எந்திரிச்சு ஓட முடியாது, தெரியுமா உனக்கு?”

“தெரியும்மா.”

“தெரிஞ்சா இத ஏன் இப்படி எழுதின?” அறிக்கையைப் புரட்டி, பென்சில் கோடு போட்ட முப்பத்தொன்றாம் பக்கத்தை அவள் முன்னால் தள்ளினார். “படி. சத்தமா படி.”

படித்தாள். “மேற்குப் பகுதியில் வேறுபட்ட தாழ்வு கணிசமானதாக இருக்கக்கூடும். மாற்று அடித்தள முறைகள் பரிசீலிக்கப்படலாம்.”

“இத எழுதினது உங்க அண்ணனா?”

“இல்லம்மா. நான்.”

“இதைப் படிச்சிட்டு உங்க ஆபீசுக்குப் போன் பண்ணேன். உங்க அண்ணன்தான் எடுத்தார். அது எல்லா ரிப்போர்ட்லயும் வர்ற வாசகம், கண்டுக்காதீங்கன்னார். நானும் நம்பிட்டேன். ஏன் நம்பினேன் தெரியுமா? ஆபத்தான விஷயத்தை யாரும் இப்படி வழவழா கொழகொழான்னு எழுதமாட்டாங்கன்னு நம்பினேன். முப்பது வருஷம் இந்த மாதிரி டாக்டருங்களப் பாத்திருக்கேன். வீட்டுக்காரங்ககிட்ட ‘கொஞ்சம் கவனமா பாத்துக்கணும்’ம்பாங்க. அவங்க சிரிச்சிட்டே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. நாலாம் நாள் திரும்பித் தூக்கிட்டு வருவாங்க. அப்ப டாக்டர் சொல்லுவார், நான்தான் அப்பவே சொன்னேனேன்னு.”

அவளுக்கு முகம் சிவந்தது. பதில் சொல்ல வாயைத் திறந்தாள். தொழிலில் எல்லாரும் இப்படித்தான் எழுதுவார்கள், நாளைக்கு வழக்கு என்று வந்தால் வார்த்தை நம்மைக் கட்டிப்போடக் கூடாது என்று எழுதுவது வழக்கம், இத்தனையும் நாக்கு நுனிவரை வந்தது. எல்லாம் சப்பைக்கட்டு என்று அவளுக்கே தெரிந்தது. அண்ணன் முதல் பக்கத்தில் பொய் எழுதினார் என்றால், அவள் முப்பத்தொன்றாம் பக்கத்தில் உண்மையை யார் கண்ணிலும் படாமல் எழுதியிருந்தாள். காலையிலிருந்து ஊர் மேலெல்லாம் வைத்திருந்த கோபம் வட்டியோடு அவள் பக்கம் திரும்பியது.

வெளியே லாரி ஹாரன் கேட்டது. கான்கிரீட் வந்துவிட்டது. உருளை சுற்றுகிற சத்தம் தகரத்தில் அதிர்ந்தது.

நர்ஸம்மா ஒரு வெள்ளைத் தாளையும் பேனாவையும் எடுத்து மேசையில் வைத்தார். “எழுது. வாயால சொன்னா அந்த ஆள் காத்துல விட்டுடுவான். எனக்குப் புரியற மாதிரி, அவனுக்கும் புரியற மாதிரி எழுது.”

உட்கார்ந்து எழுதினாள். எழுதிக் கொடுத்ததை நர்ஸம்மா கண்ணாடி போட்டுப் படித்தார். “‘மேற்குப் பகுதியில் சற்று பலவீனமான’... சற்றுன்னா எவ்வளவு? எடு அத. ‘ஏற்றதாக இருக்காது’. ஏற்றதா இருக்காதுன்னா, போட்டுக்கலாம், ஆனா நல்லா இருக்காதுன்னு அர்த்தமா? போடலாமா, போடக் கூடாதா?”

“போடக் கூடாது.”

“அப்ப அத எழுது.”

பதினோரு வருடத்தில் ‘கூடாது’ என்ற வார்த்தையை ஓர் அறிக்கையிலும் அவள் எழுதியதில்லை. இரண்டாவது தாளில் எழுதினாள்.

அப்போதுதான் அண்ணன் மூச்சு வாங்க உள்ளே வந்தார். காரை நிறுத்திய அவசரத்தில் சட்டை இடுப்பிலிருந்து வெளியே வந்திருந்தது. நர்ஸம்மாவைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, தங்கை கையில் இருந்த பேனாவைப் பார்த்தார். பார்த்ததும் முகம் வெளிறியது.

“எழுத்துல எதுவும் குடுக்காத,” என்றார் தாழ்ந்த குரலில். “வாயால எவ்வளவு வேணா சொல்லு. கையெழுத்துப் போட்டேன்னா தப்ப நம்மளே ஒத்துக்கிட்ட மாதிரி. உன் லைசென்ஸ் போகும். கம்பெனியே போகும். உனக்கும் எனக்கும் வேற என்ன இருக்கு?”

“தப்ப ஒத்துக்கிட்ட மாதிரி இல்லண்ணா. ஒத்துக்கறேன்.”

கையெழுத்துப் போட்டாள். வாலை நீட்டவில்லை. நர்ஸம்மா தாளை வாங்கிக்கொண்டு வெளியே போனார். லாரியின் சரிவுக் குழாயை முதல் குழிக்கு மேல் ஏற்கெனவே திருப்பிவிட்டிருந்தார்கள். நர்ஸம்மா குழிக்கும் குழாய்க்கும் நடுவில் போய் நின்று, ஆஸ்பத்திரியில் ஷிப்ட் மாறும்போது படிப்பதைப் போல உரக்கப் படித்தார்.

“‘இந்த மனையின் மேற்குப் பாதி மூடப்பட்ட பழைய பள்ளம். அங்கே சாதாரண அஸ்திவாரம் போடக் கூடாது. போட்டால் மேற்குப் பக்கம் சில வருடங்களில் கிழக்கைவிட ஐந்து சென்டிமீட்டர் கூடுதலாக இறங்கும், சுவர் விரியும், தரை சாயும். அங்கே எட்டரை மீட்டர் ஆழத்தில் உள்ள சரளை வரை மண்ணுக்குள் கான்கிரீட் தூண், அதாவது பைல், இறக்க வேண்டும். இரண்டு பக்கமும் சேரும் இடத்தை முழு அறிக்கையையும் படித்த ஒருவர்தான் வடிவமைக்க வேண்டும். முதல் பக்கத்தில் உள்ள 12.5 டன் தவறு. அந்தத் தவறு எங்களுடையது.’ கேட்டுதா? லாரிய திருப்புங்க.”

“அம்மா, திரும்பிப் போனா அவ்வளவும் வீணாப் போயிடும். இறுகிடும்,” என்றார் கான்ட்ராக்டர்.

“இறுகட்டும். என் குழில இறுகறதுக்குப் பதிலா வேற எங்கயாவது இறுகட்டும்.”

கான்ட்ராக்டர் அண்ணனைப் பார்த்தார். அண்ணன் தரையைப் பார்த்தார். லாரி டிரைவர், யார் சொல்வதைக் கேட்பது என்று புரியாமல், கடைசியில் குழிக்கு முன்னால் நின்ற அம்மாவைத் தாண்ட முடியாது என்பது மட்டும் புரிந்து, வண்டியைப் பின்னால் எடுத்தார். பின்னாலேயே வந்த இன்னொரு லாரியும் தெருமுனையோடு திரும்பியது.

நர்ஸம்மா நன்றி சொல்லவில்லை. அவள் எதிர்பார்க்கவும் இல்லை. தாளை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, “இனிமே இந்த மனைல வேற ஆளத்தான் வச்சுப் பார்க்கப் போறேன். உங்களுக்கு வேலை இல்ல,” என்றார்.

“சரிம்மா.”

“போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிட்டுப் போங்க.” அவர் கேட்டது அவளை இல்லை, அண்ணனை. “இந்தக் கூட்டி வகுக்கற வேலைய எனக்கு மட்டும்தான் பண்ணீங்களா? வேற யாருக்கெல்லாம் பண்ணியிருக்கீங்க?”

அண்ணன் உடனே இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சத்தம் போட்டுச் சொல்லியிருக்க வேண்டும். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். “அண்ணா?”

“கேக்கறவங்களுக்கு மட்டும்தான்,” என்றார். “எல்லாருக்கும் இல்ல.”

ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். அலமாரியைத் திறந்து, நாலு வருடத்து அறிக்கைகளையும் தரையில் இறக்கி, நடுவில் உட்கார்ந்துகொண்டாள். ஒவ்வொன்றிலும் முதல் பக்கத்தைப் பார்த்தாள், பிறகு உள்ளே போய்த் துளைக் கணக்கைப் பார்த்தாள். முதல் ஒன்பது சரியாக இருந்தன. பத்தாவதில் முதல் பக்கம் பதினொன்று என்றது, உள்ளே பதினாறும் ஆறும் இருந்தன. கீழே அவள் கையெழுத்து. பத்தாவதைத் தனியாக வைத்தாள். சிறிது நேரத்தில் அதன்மேல் இன்னொன்று வந்தது, அதன்மேல் இன்னொன்று.

அண்ணன் வாசலில் வந்து நின்றார். “வக்கீலக் கேட்டுட்டு ஒரு வாரம் கழிச்சுப் பண்ணலாம்,” என்றார்.

“அந்த ஒரு வாரம் அந்த மண்ணு சும்மா இருக்குமா?” என்றாள் திரும்பாமலே. அண்ணன் இன்னும் ஏதோ சொன்னார். அவள் போனை எடுத்து, பத்தாவது அறிக்கையின் அட்டையில் இருந்த எண்ணைப் போட்டாள்.

ஒரு பெண் எடுத்தார். பின்னணியில் குழந்தைகள் கத்தும் சத்தம். அவள் கம்பெனி பெயரைச் சொன்னாள். “நாலு வருஷம் முன்னாடி உங்க மனைல மண்ணு டெஸ்ட் பண்ணோம். ஞாபகம் இருக்கா?”

“ஓ, இருக்குங்க! நீங்கதானே மண்ணை உருட்டி உருட்டிப் பாத்துட்டிருந்தீங்க.”

“ஆமா. வீடு கட்டியாச்சுங்களா?”

“கட்டிக் குடி வந்து மூணு வருஷமாச்சுங்க. நல்லா இருக்கு. பின்னாடி ரூம் கதவு மட்டும் இந்த வருஷம் சாத்தவே மாட்டேங்குது. ரெண்டு தடவ இழைச்சுப் பாத்தாச்சு. மழைல மரம் ஊறிடுச்சுன்னு தச்சர் சொல்றார்.”

அறிக்கையில் பின்பக்கத்துத் துளையின் கணக்கு விரித்தபடி அவள் மடியில் கிடந்தது. ஆறு டன். களிமண். ‘தாழ்வு ஏற்படக்கூடும்.’

“மரம் ஊறல,” என்றாள். “நிலை சாஞ்சிருக்கு. அந்தப் பக்கம் வீடு இறங்குதுங்க. உங்களுக்குத் தப்பா எழுதிக் குடுத்தது நான்தான். கதவ மறுபடி இழைக்க வேண்டாம், நான் இன்னைக்கே வரேன்.”